பூச்சுக்கு முன் அளக்கும் விட்டத்தின் எல்லைக்கு ஒரு சொல் வேண்டும்

கையேட்டாசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். கடைசல் பட்டறைப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் வரும் 20 மி.மீ. தண்டு ஒன்று, துத்தநாக முலாம் பூசிய பின் h7 அளவில், அதாவது 19.979 முதல் 20.000 வரை இருக்க வேண்டும். முலாமின் தடிமன் 8 முதல் 12 மைக்ரான். முலாமுக்கு அனுப்பும் முன் மைக்ரோமீட்டரில் அளக்கும் விட்டம் எந்த எல்லைக்குள் இருந்தால் ஏற்கலாம்? அந்த எல்லைக்கு ‘முன்பூச்சு எல்லை’ என்றும், முலாமுக்காக விட்டத்தில் ஒதுக்கும் அளவுக்குப் ‘பூச்சேற்றம்’ என்றும் எழுதியிருக்கிறேன். இவை பொருந்துமா?

கடைசல் பட்டறை நடத்துபவர்:

பூச்சேற்றம் நல்ல சொல், பட்டறையில் உடனே புரியும். முலாம் தண்டின் இரு பக்கமும் ஏறும் என்பதைப் பலர் மறந்து ஒரு தடிமனை மட்டும் கழித்துவிடுகிறார்கள். சராசரித் தடிமன் 10 மைக்ரான் என்றால் விட்டத்தில் 20 ஏறும். இரண்டு எல்லைகளிலும் 20 மைக்ரானைக் கழித்தால் 19.959 முதல் 19.980 வரை வரும். இதுவே ஏற்கத்தக்க எல்லை.

அளவியல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்:

ஐயா, இரண்டால் பெருக்க வேண்டும் என்றது முற்றிலும் சரி. சராசரியைக் கழித்ததில்தான் பிழை. உங்கள் எல்லைப்படி 19.979 அளவுள்ள தண்டு தேறிவிடும். அதன் மேல் 12 மைக்ரான் முலாம் ஏறினால் விட்டம் 20.003 ஆகி, துளைக்குள் நுழையும்போது இறுகும். 19.960 அளவுள்ள தண்டும் தேறும். அதில் 8 மைக்ரான்தான் ஏறியது என்றால் 19.976-இல் நின்று, கீழ் எல்லையைத் தொடாமலே போகும். ஆகவே மேல் எல்லையிலிருந்து மிகத் தடித்த முலாமின் இருமடங்கையும், கீழ் எல்லையிலிருந்து மிக மெல்லிய முலாமின் இருமடங்கையும் கழிக்க வேண்டும். 19.963 முதல் 19.976 வரை கிடைக்கும். 21 மைக்ரான் இடைவெளி 13 ஆகச் சுருங்கியதைக் கவனியுங்கள். முலாமில் நேரும் ஏற்றத்தாழ்வு கடைசல்காரரின் பங்கிலிருந்துதான் போகிறது. முலாம் 5 முதல் 16 வரை ஏறக்கூடும் என்று முலாம் பூசுபவர் சொன்னால், மேல் எல்லை 19.968 ஆகவும் கீழ் எல்லை 19.969 ஆகவும் வந்துவிடும். அப்போது எவ்வளவு கவனமாகக் கடைந்தும் பயனில்லை, முலாமின் வீச்சைக் குறைக்கச் சொல்ல வேண்டியதுதான்.

சொற்களைப் பற்றி: ‘முன்பூச்சு’ என்றால் வண்ணம் அடிப்பவர் பிரைமர் என்றே கொள்வார். ‘பூச்சுமுன் எல்லை’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. துளையில் முலாம் ஏறும்போது விட்டம் குறையும். கழிக்க வேண்டியதைக் கூட்ட வேண்டியிருக்கும். அங்கே ‘ஏற்றம்’ என்று எழுதினால் மாணவர் தடுமாறுவார். ஈடுசெய்யும் அளவு என்ற பொருளில் ‘பூச்சீடு’ என்று வைக்கலாம்.

கொள்முதல் பிரிவில் பணிபுரிபவர்:

எங்களுக்கு வந்த எம்10 போல்ட்டுகளின் வெளிவிட்டம் சரியாகவே இருந்தது, ஆனால் நட்டு பாதியில் நின்றுவிட்டது. முலாம் 10 மைக்ரான்தான். இந்தக் கணக்குப்படி 20 மைக்ரான்தானே ஏறியிருக்கும்?

அளவியல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்:

அது வேறு கணக்கு. 60 பாகை மரையில் முலாம் சாய்ந்த பக்கங்களில் படிவதால், பிட்ச் விட்டம் தடிமனின் நான்கு மடங்கு ஏறும். உங்களுக்கு 40 மைக்ரான் ஏறியிருக்கும். 6g தரத்தில் 1.5 மி.மீ. பிட்ச் உள்ள மரைக்கு ஒதுக்கப்படும் இடம் 32 மைக்ரான்தான். வெளிவிட்டத்தை அளந்தால் இது தெரியாது, முலாமுக்குப் பின் மரை வளையக் கேஜில் பார்க்க வேண்டும்.

தமிழாசிரியர்:

‘பூச்சீடு’ என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதலீடு, மதிப்பீடு ஆகியவற்றில் வரும் ‘ஈடு’ இடுதலைக் குறிப்பது. வாசகர் பூச்சை இடும் செயல் என்றே பொருள்கொள்வார். ‘பூச்சுக் கழிவு’ என்றால் என்ன?

கடைசல் பட்டறை நடத்துபவர்:

அம்மா, முலாம் பட்டறையில் கழிவு என்றால் தொட்டியிலிருந்து வெளியேறும் நீர். அந்தச் சொல் வேண்டாம். சராசரியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் தாளிலும் திருத்துகிறேன்.

கையேட்டாசிரியர்:

‘பூச்சுமுன் எல்லை’யைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன். மற்றதற்குத் ‘தடிமன்’ என்ற சொல்லையே அடிப்படையாகக் கொள்ளலாமா என்று யோசித்தேன். அலுமினிய அனோடைசிங்கில் படலத்தின் ஏறத்தாழப் பாதி உலோகத்துக்குள்ளேயே உருவாவதால், கடின அனோடைசிங்கில் 50 மைக்ரான் படலத்துக்குப் பக்கத்துக்கு 25 அளவில்தான் அளவு கூடுகிறது. தடிமனை அப்படியே இருமடங்காக்கினால் தண்டு தேவைக்கு மேல் மெலிந்துவிடும். ஆகவே அந்தச் சொல்லும் பொருந்தாது. வேறு சொல் கிடைக்கும் வரை, ‘பூச்சுக்காக விட்டத்தில் ஒதுக்கும் அளவு’ என்று நீட்டியே எழுதுகிறேன்.

அளவியல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்:

அந்தப் பத்தியோடு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்: மின்முலாம் தண்டின் முனைகளில் நடுவைவிடத் தடிமனாகப் படியும். நடுவில் மட்டும் அளந்தவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். வளையக் கேஜ் முனையிலேயே நின்றுவிடும். இரு முனைகளிலும் நடுவிலும் அளக்கச் சொல்லுங்கள்.