25 மி.மீ. தகட்டின் முறிவுத் திண்மை: K_IC என ஏற்கலாமா?

வணக்கம். நீலகிரியில் ஒரு நீர்மின் நிலையத்தின் அழுத்தக் குழாயை ஆய்வு செய்யும் குழுவில் பணிபுரிகிறேன். அதன் 25 மி.மீ. தகட்டிலிருந்து முழுத் தடிமனில் வெட்டிய சிடி மாதிரியைச் சோதித்த ஆய்வகம் K_Q = 120 MPa√m என்று தந்துள்ளது; எஃகின் ஈல்டு வலிமை 350 MPa. இதையே K_IC எனக் கொண்டு, 60 மி.மீ. தடிமனுள்ள கிளைப்பிரிவு வளையத்துக்கும் கணக்கிடச் சொல்கிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. B ≥ 2.5(K_Q/σ_YS)² என்னும் நிபந்தனைப்படி ஏறத்தாழ 294 மி.மீ. தடிமன் வேண்டும், விரிசலுக்கு முன்னால் எஞ்சும் அகலமும் அவ்வளவு இருக்க வேண்டும். P_max/P_Q விகிதமும் 1.10-ஐத் தாண்டி 1.4 ஆக உள்ளது. முறிவுப் பரப்பின் நடுப்பகுதி தட்டையாகவும், இரு ஓரங்களும் 45 பாகை சாய்ந்த உதடுகளாகவும் இருப்பதால், ஓரங்களில் தளத் தகைவு நிலை நிலவியதும் வெளிப்படை. தடித்த வளையத்தில் பக்கவாட்டுச் சுருக்கம் தடைபட்டுத் தளத் திரிபு நிலை மேலோங்குமாதலால், அங்கே இதைவிடக் குறைந்த திண்மையே கிடைக்கலாம்.

294 மி.மீ. தகட்டுக்கு எங்கே போவது? ஆகவே J தொகையச் சோதனையைப் பரிந்துரைக்க எண்ணுகிறேன். 120 MPa√m-க்கு இணையான J சுமார் 63 kJ/m². B ≥ 10J/σ_Y என்பதில் ஈல்டு வலிமை, இழுவிசை வலிமை இரண்டின் சராசரியான σ_Y-ஐ 420 MPa எனக் கொண்டால் 1.5 மி.மீ. போதும்.

ஆனால் உறைபனிக் காலத்தில் இவ்வெஃகு பிளவு முறிவுக்கு மாறும் வெப்பநிலையை நெருங்கினால், 25 மி.மீ. மாதிரியின் J மதிப்பை 60 மி.மீ. வளையத்துக்கு எவ்வாறு திருத்துவது? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.