கிரயத்தன்று கையில் வந்த 18 லட்ச ரூபாய் டிடி

உறையூர்க்காரன்

அப்பா வாங்கிப் போட்ட வீட்டைப் போன மாதம் 46 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். 3 லட்சம் அட்வான்ஸ் ஏற்கெனவே என் கணக்குக்கு வந்துவிட்டது. மீதி 43 லட்சத்தை இரண்டு டிடியாகத் தருவதாகப் பேச்சு. ஒன்று 25 லட்சம், இன்னொன்று 18 லட்சம். பதிவுக்கு மூன்று நாள் முன்னாலேயே இரண்டின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பதிவன்று காலை 10 மணிக்குப் பத்திர எழுத்தர் கடையில் உட்கார்ந்தோம். வாங்குகிறவர் 25 லட்ச ரூபாய் டிடியை முதலில் நீட்டினார். என் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நோட்டு பார்க்கிற நீல விளக்கு ஒன்று பக்கத்துக் கடையில் இருந்தது. அதன் அடியில் பிடித்தால் வங்கியின் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் நீர்க்குறியும் இருந்தது. இரண்டாவதிலும் எல்லாம் அப்படியே. என் பெயர், வாங்குகிறவர் பெயர், தேதி, கையெழுத்து, எதிலும் குறை இல்லை.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. 25 லட்சத்தில் மூலையில் இருந்த 'அக்கவுன்ட் பேயீ' கோடு அச்சில் இருந்தது. 18 லட்சத்தில் அது ரப்பர் ஸ்டாம்ப். ஒரே வங்கி, ஒரே கிளை, ஒரே தேதி. "ஏன் ரெண்டும் வேற மாதிரி?" என்று கேட்டேன். புரோக்கர் முந்திக்கொண்டு, "சார், டோக்கன் நேரம் போயிடும், கிளை 20 கிலோமீட்டர்ல இருக்கு" என்றார். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. டோக்கன் போனால் போகட்டும், கிளைக்குப் போவோம் என்றேன்.

கவுன்டரில் இருந்த பெண் நம்பரைத் தட்டினார். "ஆமா சார், எங்க டிடிதான். பெயர் சரி, தேதி சரி." பையன் என் தோளைத் தட்டி, போகலாம் என்றான். அந்தப் பெண் திரையையும் தாளையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இதுல எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றார். 18 லட்சம் என்றேன். அவர் எழுந்து மேனேஜர் அறைக்குள் போனார்.

வங்கி கொடுத்தது 1,800 ரூபாய் டிடி.

மேனேஜர் லென்ஸை வைத்துக் காட்டினார். தொகையை எழுத்தில் போட்டிருக்கிற வரிக்குப் பின்னால் மயிரிழை மாதிரி கோடுகள் ஓடும். மற்ற இடத்தில் அறுபடாமல் இருந்தவை அந்த வரியில் மட்டும் வெளுத்து, விட்டுவிட்டு இருந்தன. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகச் சொரசொரத்தது. இலக்கத்தில் மூன்று சைபர் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் புரோக்கர் இல்லை. வாங்குகிறவர் தனக்கு எதுவுமே தெரியாது, டிடி எடுத்துக் கொடுத்தது புரோக்கர்தான் என்று சத்தியம் செய்கிறார். தாளை மேனேஜர் திருப்பித் தரவில்லை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

ராஜபாளையம் மணி

அண்ணா, தப்பித்தீர்கள். ஆனால் பொதுவாக டிடிக்குப் பயப்பட வேண்டியதில்லை. காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டுதான் வங்கி அதைக் கொடுக்கிறது. செக் மாதிரி பணம் இல்லை என்று திரும்பாது. நீல விளக்கில் சின்னம் தெரிகிறதா, ஜெராக்ஸ் எடுத்தால் 'வாய்ட்' என்று விழுகிறதா, இந்த இரண்டும் பார்த்தால் போதும். ஆறு மாதம் வரை செல்லும் என்பதால் அவசரமும் இல்லை.

செல்வி டீச்சர்

எங்கள் ஊரில் பதிவுக் கட்டணத்துக்கு டிடி எடுத்துப் போன காலத்தில், பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். இப்போது அந்தக் கட்டணத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே கட்டிவிடலாமே, டிடி எதற்கு?

உறையூர்க்காரன்

டீச்சர், நான் கேட்பது கட்டணத்தைப் பற்றி இல்லை, கிரயத் தொகையைப் பற்றி. மணி தம்பி, நீங்கள் சொன்ன நீல விளக்குச் சோதனையில் என் டிடி பாஸ் ஆனது. அதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

கேஷ் கவுன்டர்

34 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்களிடம் வந்த தாள் அசல். மையும் அசல், கையெழுத்தும் அசல். பொய்யாக இருந்தது தொகை மட்டும். அதனால்தான் தாளைச் சோதிக்கிற எந்தச் சோதனையிலும் அது சிக்கவில்லை.

ஸ்டாம்ப் விஷயத்தில் நீங்கள் கண் வைத்தது சரியான இடம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டிடியை அக்கவுன்ட் பேயீ கோடு போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 1,800 ரூபாய்க்கு அது கட்டாயமில்லை. கோடு இல்லாமல் வந்திருக்கும், ஆசாமி கடையில் ஸ்டாம்ப் செய்து குத்தியிருப்பான். அதற்காக ஸ்டாம்ப் இருந்தாலே போலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோட்டை ஸ்டாம்பாகக் குத்துகிற கிளைகளும் உண்டு. ஒரே கிளை ஒரே நாளில் கொடுத்த இரண்டு டிடி வேறு வேறாக இருந்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

மணி சார், ஆறு மாதம் என்பது பழைய கதை. 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம்தான். 2018 செப்டம்பர் 15-லிருந்து டிடி எடுத்தவர் பெயரும் முகப்பிலேயே இருக்க வேண்டும். அந்தப் பெயர் இல்லாத டிடியை, அல்லது உங்களிடம் வாங்குகிறவரோடு சம்பந்தமே இல்லாத பெயர் போட்ட டிடியை, அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.

கிளையில் எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். "இந்த நம்பர், இந்தப் பெயர், 18 லட்சம், சரியா?" என்று நாமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், வேலை நெருக்கடியில் இருக்கிறவர் நம்பரையும் பெயரையும் மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடுவார். நம்பரை மட்டும் சொல்லுங்கள். தொகை, பெயர், தேதி, இன்னும் பணமாகாமல் இருக்கிறதா, இந்த நான்கையும் அவர் திரையைப் பார்த்துச் சொல்லட்டும். மூன்றாம் ஆளுக்குச் சொல்லமாட்டோம் என்பார்கள். டிடி எடுத்தவரையும் கூட அழைத்துப் போய் அவரையே கேட்கச் சொன்னால் அந்தப் பேச்சு வராது. போனில் கேட்பதானால் தாளிலோ அவர்கள் கொடுத்த கார்டிலோ இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். வங்கியின் இணையதளத்தில் கிளை நம்பரை நீங்களே தேடி எடுங்கள்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அசல் டிடி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே கலரில் அச்சடித்து உங்களிடம் நீட்டினால், கிளை எல்லாம் சரி என்றுதான் சொல்லும். அசலைக் கொண்டுபோய் அவர் மறுநாள் ரத்து செய்து பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் வந்த படமும் அப்படித்தான். அப்படி ஒரு டிடி இருக்கிறது என்று கிளை சொல்லலாம். உங்கள் கையில் இருப்பது அதே தாள்தானா என்பது பணமாகும்போதுதான் தெரியும்.

நான் என் தங்கையின் மனையை விற்றபோது ஒன்று செய்தோம். அவளுக்குக் கணக்கு இருக்கிற வங்கியிலேயே டிடி எடுக்கச் சொன்னோம். ஒரே வங்கி என்பதால் கிளியரிங் கிடையாது. பதிவன்று காலை கவுன்டரில் கட்டினோம், கால் மணி நேரத்தில் கணக்கில் ஏறிவிட்டது. அதன் பிறகுதான் பதிவு அலுவலகத்துக்கே கிளம்பினோம்.

வாங்கினவன்

விற்பவர்களே பேசுகிறீர்கள். நான் வாங்கிய ஆள். நீங்கள் சொன்ன மாதிரிதான் எங்களிடமும் கேட்டார்கள், 30 லட்ச ரூபாய் டிடியை நம்பி முன்கூட்டியே கொடுத்தேன். அவர் கணக்கில் போட்டுக்கொண்டு, தங்கச்சி வெளியூரில் இருக்கிறாள், கையெழுத்துக்கு வரவில்லை என்று எட்டு நாள் இழுத்தடித்தார். அந்த எட்டு நாளும் என் மனைவி சாப்பிடவில்லை. கையில் இருந்தது அட்வான்ஸ் அக்ரிமென்ட் மட்டும். பணம் ஏறினால்தான் கையெழுத்து என்றால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு?

பத்திரக் கை

நியாயமான கேள்வி. நாங்கள் செய்வது இது. விற்கிறவர்கள் எல்லோரும், அந்தத் தங்கச்சியும் சேர்த்து, காலையில் வந்து கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பத்திரம் எங்களிடம் இருக்கும். அப்புறம் இரு தரப்பும் சேர்ந்து வங்கிக்குப் போய், பணம் ஏறியதும் நேராகச் சார்பதிவாளர் முன் போவார்கள். கையெழுத்தான பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க நான்கு மாதம் வரை சட்டம் இடம் தருகிறது, அதனால் டோக்கன் ஒன்று தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் இதிலும் எங்களை நம்பித்தான் பத்திரத்தை விடுகிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விற்பவர் ஏன் இவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்றால், பத்திரத்தில் டிடி நம்பர்களைப் போட்டு "கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுகிறோம். பதிவான பிறகு பணம் வரவில்லை என்றால், அதற்காக மட்டும் கிரயம் ரத்தாகாது, பணத்தைக் கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தாஹிபென் வழக்கில் சொல்லியிருக்கிறது. மோசடி என்று நிரூபித்து ரத்து கேட்கலாம். அதற்குள் வாங்கியவன் அடுத்தவனுக்கு விற்றுவிட்டால், அவனையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

புதுவீடு

எங்கள் வீட்டுக்கு லோன் கொடுத்த வங்கி, ஆளையே பதிவு அலுவலகத்துக்கு டிடியோடு அனுப்புவேன் என்கிறது. பதிவு முடிந்தால்தான் விற்பவர் கையில் கொடுப்பாராம். அவருக்கு வேறு வங்கியில் கணக்கு. முன்கூட்டியே எப்படிப் போடுவது?

கேஷ் கவுன்டர்

லோன் டிடியில் முன்கூட்டி என்பது நடக்காது, வங்கியும் தன் அடமானத்தைப் பார்க்கிறது. அங்கே விற்பவர் செய்யக்கூடியது, லோன் கொடுத்த கிளைக்கு முந்தின நாளே நேரில் போய் அதிகாரியைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொள்வது, மறுநாள் அதே அதிகாரியோ அவர் சொன்ன ஆளோதான் வருகிறாரா என்று பார்ப்பது. வேறு வங்கியில் போட்டாலும் 2025 அக்டோபர் 4-லிருந்து, அன்றைய நேரத்துக்குள் கிளியரிங்குக்குப் போனது அன்றிரவு 7 மணிக்குள் பாஸா, ரிட்டர்னா என்று தெரிந்துவிடும். அதனால் காலையிலேயே பதிவை முடித்துவிட்டு உடனே கட்டச் சொல்லுங்கள்.

ராஜபாளையம் மணி

மூன்று மாதம் என்பது எனக்குத் தெரியாது, நன்றி சார். அண்ணா, அந்த 25 லட்ச ரூபாய் டிடி என்ன ஆச்சு? அது அசல்தானே?

உறையூர்க்காரன்

அதையும் அதே கவுன்டரில் பார்த்தார்கள். தொகையும் சரி, அசல். அதை நம்பித்தான் இரண்டாவதை நான் வாங்கியிருப்பேன். அன்றே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், புகாரும் கொடுத்தாயிற்று. அட்வான்ஸ் 3 லட்சத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அக்ரிமென்டில் வாங்குகிறவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போகும் என்று இருக்கிறது. அவரோ நான் பின்வாங்கவில்லை, 18 லட்சத்தை ஆர்டிஜிஎஸ்ஸில் போடுகிறேன், பதிவுக்கு வாங்க என்கிறார்.

பத்திரக் கை

வக்கீலைப் பார்க்காமல் பதில் சொல்லிவிடாதீர்கள். அதுவரை அந்த 3 லட்சத்தைத் தொடாமல் கணக்கிலேயே வைத்திருங்கள்.