‘கூட்டத்தின் முன்’, ‘கூட்டத்திற்கு முன்’: ஒரு பத்தியின் வேற்றுமை உருபுகள் குறித்த விவாதம்

மதிவாணன்:
ஓர் அமைப்பின் ஆண்டறிக்கைக்காக எழுதப்பட்ட பத்தியைக் கீழே தந்துள்ளேன். வேற்றுமை உருபுகளும் அவற்றை அடுத்து வரும் சொல்லுருபுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். கூட்டம் நடப்பதற்குச் சில நாள்கள் முன்பே கருத்துகள் பெறப்பட்டன என்பதுதான் முதல் வாக்கியத்தின் செய்தி.

“செயலாளர் கூட்டத்தின் முன் அறிக்கையைப் பற்றி உறுப்பினர்களிலிருந்து கருத்துகளைப் பெற்றார். இருபது பக்கங்களின் மேல் உள்ள அறிக்கைகளை ஒரு வாரத்தின் உள் சுருக்கித் தர வேண்டும் என்று ஏழாம் விதிக்குக் கீழ் அறிவிக்கப்பட்டது. பொருளாளர் தவிர அனைவரும் இதற்கு உடன்பட்டனர்.”

செந்தில்:
பத்தியில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘அறிக்கையைப் பற்றி’ என்பதில் இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் ஒற்று மிகுந்துள்ளது, ‘விதிக்குக் கீழ்’ என்பதில் நான்காம் வேற்றுமை விரிக்குப் பின் மிகுந்துள்ளது. ‘முன்’, ‘மேல்’, ‘உள்’ ஆகியவை வல்லினத்தில் தொடங்காததால் அங்கே சிக்கலே எழவில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பலாம்.

புலமைநேசன்:
கேள்வி ஒற்றைப் பற்றியதன்று, செந்தில் அவர்களே. முன், பின், மேல், கீழ், உள் ஆகிய ஐந்தும் நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு உரியனவாகச் சொல்லும் 28 உருபுகளில் அடங்கியவை. அவையே உருபுகளாக இருக்கும்போது அவற்றுக்கு முன்னே ‘கு’ என்ற இன்னோர் உருபைச் சேர்ப்பது தேவையற்றது. இன் சாரியை வந்து நிற்பதே முறை. எனவே ‘கூட்டத்தின் முன்’, ‘பக்கங்களின் மேல்’, ‘வாரத்தின் உள்’ ஆகிய மூன்றும் சரியானவை. ‘விதிக்குக் கீழ்’ என்பதை மட்டும் ‘விதியின் கீழ்’ என்று திருத்த வேண்டும்.

கயல்விழி:
அந்த 28 உருபுகளின் பட்டியலைப் புலமைநேசன் ஐயா சரியாகவே சொல்கிறார். ஆனால் அதை மட்டும் வைத்து இந்தப் பத்தியைத் திருத்தினால் பொருள் கெட்டுவிடும். ‘செயலாளர் கூட்டத்தின் முன் பேசினார்’ என்று எழுதினால், கூடியிருந்தவர்கள் எதிரே நின்று பேசினார் என்றே இன்றைய வாசகர் கொள்வார். ‘கூட்டத்திற்கு முன் பேசினார்’ என்றால் கூட்டம் தொடங்கும் முன்னரே பேசிவிட்டார் என்று பொருள். இரண்டும் பிழையற்ற தொடர்கள்தாம். ஆனால் மதிவாணன் சொல்ல விரும்பும் செய்திக்கு இரண்டாவதே பொருந்தும். உருபுப் பொருத்தத்தைப் பார்க்கும்போது, ஒரு சொல்லுருபு எந்த வேற்றுமையை ஏற்கும் என்று கேட்பதோடு நிற்காமல், எந்தப் பொருளில் எதை ஏற்கும் என்றும் கேட்க வேண்டும்.

நான் கையாளும் சோதனை ஒன்று உண்டு. பெயருக்கும் சொல்லுருபுக்கும் இடையே ஓர் அளவைச் செருகிப் பார்ப்பேன். ‘கூட்டத்திற்கு இரண்டு நாள் முன்’ என்பது இயல்பாக நிற்கிறது. ‘கூட்டத்தின் இரண்டு நாள் முன்’ என்பது நிற்கவில்லை. நான்காம் வேற்றுமை அந்தப் பெயரை ஓர் எல்லையாக்கி, அங்கிருந்து அளக்க இடம் தருகிறது. காலம், எண்ணிக்கை, வயது, கெடு ஆகிய அனைத்தும் எல்லையிலிருந்து அளக்கப்படுபவை என்பதால், ‘இருபது பக்கங்களுக்கு மேல்’, ‘ஒரு வாரத்திற்குள்’ என்றே வர வேண்டும். ‘இருபது பக்கங்களின் மேல்’ என்பது அந்தத் தாள்களின்மீது ஏதோ வைக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளைத் தருகிறது. ‘விதியின் கீழ்’ என்பதில் அளவே இல்லை. விதியின் ஆளுகைக்கு உட்பட்டு என்பதுதான் கருத்து, ஆகவே அங்கே ‘கு’ வராது. அந்த ஓர் இடத்தில் ஐயாவும் நானும் ஒன்றுபடுகிறோம், காரணம் வேறாக இருந்தாலும்.

யாழினி:
நான் கருவிகளுக்கான பயன்பாட்டுக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவள். ‘விளக்கை மேசையின் மேல் பொருத்தவும்’ என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தார்கள். உடன் இருந்த படத்திலோ விளக்கு மேசையைத் தொடாமல் உயரே தொங்கிக்கொண்டிருந்தது. ‘மேசைக்கு மேல்’ என்று மாற்றியதும் வாக்கியமும் படமும் இசைந்தன. ‘மேசைக்கு ஓரடி மேலே’ என்று சொல்ல முடிவதால், கயல்விழி அம்மா சொல்லும் அளவுச் சோதனை இங்கும் பொருந்துகிறது. ஆனால் ‘வீட்டின் முன்’, ‘வீட்டிற்கு முன்’ என்ற இரண்டையும் நான் வேறுபாடின்றி எழுதுகிறேன். அது தவறா?

கயல்விழி:
தவறில்லை. இடப்பொருளில் ‘முன்’ வரும்போது இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. அங்கே என் சோதனையால் சரி தவறு என்று பிரித்துக் காட்ட முடியாது. காலம், அளவு ஆகிய பொருள்களில்தான் அது உறுதியாக நிற்கும்.

புலமைநேசன்:
காலப்பொருளில் ‘கு’ கட்டாயம் என்றால் ‘வருமுன்’, ‘செய்யுமுன்’ என்ற வழக்குகளை எங்கே வைப்பீர்கள்? அங்கே ‘கு’ இல்லாமலேயே காலப்பொருள் தெளிவாக வருகிறதே.

கயல்விழி:
அங்கே முன்னால் நிற்பது பெயர் அன்று, ‘வரும்’, ‘செய்யும்’ என்னும் எச்சம். எச்சம் வேற்றுமை உருபை ஏற்காது. அதையே ‘வருவது’ என்று பெயராக்கிய உடனே ‘வருவதற்கு முன்’ என்று ‘கு’ வந்துவிடுகிறது. ‘வருவதின் முன்’ என்று எவரும் எழுதுவதில்லை. ஆகவே தாங்கள் தந்த எடுத்துக்காட்டு என் கூற்றுக்கு எதிரானதன்று.

இன்னோர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘உறுப்பினர்களிலிருந்து கருத்துகளைப் பெற்றார்’ என்பது பொருந்தாது. மனிதரிடம் ஒன்றைப் பெறும்போது ‘உறுப்பினர்களிடமிருந்து’ என்றே வர வேண்டும். ‘உறுப்பினர்களிலிருந்து மூவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்பது சரியே, ஏனெனில் அங்கே ஒரு தொகுதியிலிருந்து சிலர் பிரிக்கப்படுகிறார்கள். எழுத்துப் பிழையை மட்டும் தேடுபவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். சொல் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, வந்த இடம்தான் தவறு. ‘பொருளாளர் தவிர’ என்பதையும் ‘பொருளாளரைத் தவிர’ என்று மாற்றுவேன். உயர்திணைப் பெயரில் ஐ உருபு மறையாமல் வெளிப்பட வருவதே நெறி.

புலமைநேசன்:
‘உறுப்பினர்களிடமிருந்து’ என்ற திருத்தத்தை ஏற்கிறேன். ‘தவிர’ பற்றிய திருத்தத்தை ஏற்க முடியாது. ஐ உருபைப் பற்றிய அந்த நெறி, பெயர் செயப்படுபொருளாக நிற்கும்போதுதான் செல்லும். ‘தவிர்த்தார்’ என்ற வினையிலிருந்து வருவது ‘தவிர்க்க’. நம்முடைய ‘தவிர’ அதிலிருந்து வந்ததன்று, ‘தவிர்ந்த’ என்பதோடு உறவுடையது. ‘பொருளாளர் தவிர்ந்த ஏனையோர்’ என்று எழுதுகிறோம், அங்கே ஐ உருபுக்கு இடமே இல்லை. அதே அமைப்பில்தான் ‘பொருளாளர் தவிர’ என்பதும் நிற்கிறது.

யாழினி:
செய்தித்தாள்களில் ‘அவர் தவிர’, ‘அவரைத் தவிர’ என்ற இரண்டையும் காண்கிறேன். ஆனால் ‘நான் தவிர’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. ‘என்னைத் தவிர’ என்றுதான் வருகிறது. ‘தவிர்ந்த’ என்பதை வைத்துச் சொல்லும் விளக்கம் தன்மைப் பெயருக்கு ஏன் பொருந்தவில்லை என்பதைப் புலமைநேசன் ஐயா சொல்ல வேண்டும்.

மதிவாணன்:
நன்றி. பத்தியை இவ்வாறு மாற்றியிருக்கிறேன்:

“செயலாளர் கூட்டத்திற்கு முன் அறிக்கையைப் பற்றி உறுப்பினர்களிடமிருந்து கருத்துகளைப் பெற்றார். இருபது பக்கங்களுக்கு மேல் உள்ள அறிக்கைகளை ஒரு வாரத்திற்குள் சுருக்கித் தர வேண்டும் என்று ஏழாம் விதியின் கீழ் அறிவிக்கப்பட்டது. பொருளாளரைத் தவிர அனைவரும் இதற்கு உடன்பட்டனர்.”

புலமைநேசன்:
கடைசி வாக்கியத்தில் நீங்கள் எழுதியிருப்பதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், முன்பு இருந்ததும் பிழையன்று என்பதே என் கருத்து. யாழினி கேட்டது நல்ல கேள்வி. ‘நான் தவிர்ந்த ஏனையோர்’ என்று எழுதலாம் என்றே எண்ணுகிறேன், ஆனால் ‘நான் தவிர’ என்பது ஏன் வழக்கில் ஊன்றவில்லை என்பதற்கு ‘தவிர்ந்த’ என்ற உறவு மட்டும் விடையாகாது.