ஸ்குவீஸ்டு ஒளியில் 10 டெசிபெல் எதிர்பார்த்தால் 3தான் வருகிறது, உதவி தேவை

ஒளிக்கீற்று: அவசரம். 1064 நானோமீட்டரில், இரைச்சலை ஒரு பக்கம் அமுக்கிய ஸ்குவீஸ்டு ஒளி உண்டாக்குகிறோம். ஹோமோடைன் அளவீட்டில் இரைச்சல், சாதாரண ஒளிக்கே உள்ள ஷாட் இரைச்சலுக்குக் கீழே 3 டெசிபெல்தான் இறங்குகிறது. படிகத்தை மாற்ற வேண்டுமா?

திருகாணி: பம்ப் சக்தியைக் கூட்டுங்கள். தானே ஆழமாகும்.

பழையலேசர்: இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வது? இரைச்சல் ஏறும் கட்டத்தில் எத்தனை டெசிபெல்? ஃபோட்டோடையோடின் செயல்திறன் என்ன? லோக்கல் ஆசிலேட்டரோடு ஃபிரிஞ்ச் தெளிவு எவ்வளவு? இவையின்றி இழை தொடங்குவதை எப்போது நிறுத்துவீர்கள்?

ஊதா: எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது. டிடெக்டரின் மின்னிரைச்சல்தான் காரணம். எல்லாக் கற்றைகளையும் மறைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஒளிக்கீற்று: மேலே 15 டெசிபெல் ஏறுகிறது. டையோடு 90%, தெளிவு 80%. மின்னிரைச்சல் ஷாட் இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே.

பழையலேசர்: விடை இதிலேயே இருக்கிறது. தெளிவு 80% என்றால் இழப்பு 20% அல்ல. தெளிவின் இருபடிதான் கணக்கில் வரும், அதாவது 0.64. டையோடையும் சேர்த்தால் 0.576. உங்கள் 3, 15 இரண்டையும் பொருத்திப் பார்த்தால் மொத்தச் செயல்திறன் 51% அளவில் வருகிறது. எஞ்சிய சிறு இழப்பு குழியிலும் லென்ஸ்களிலும் போயிருக்கும். ஒளி தொலைந்த இடத்தில் வெற்றிடத்தின் இரைச்சல் புகுந்துகொள்ளும். பாதி ஒளி தொலைந்தால் எந்தப் படிகத்தாலும் 3 டெசிபெல்லைத் தாண்ட முடியாது. படிகத்தைத் தொடாதீர்கள்.

திருகாணி: கட்ட நடுக்கமாகவும் இருக்கலாமே?

பழையலேசர்: இருக்கலாம். நடுங்கினால் மேலே ஏறிய இரைச்சல் இந்தப் பக்கம் கசியும். பம்பைக் கூட்டிப் பாருங்கள்: இழப்பு என்றால் 3இலேயே நிற்கும், நடுக்கம் என்றால் 3கூடக் கிடைக்காது. நீங்கள் சொன்னது சோதனைக்கு உதவும், தீர்வுக்கு உதவாது.

விசும்பு: இவ்வளவு பாடு எதற்கு? பின்னிப் பிணைந்த N ஃபோட்டான்களை அனுப்பினால் கட்டப் பிழை 1/√N இலிருந்து 1/N ஆகிவிடுமே.

ஊதா: இழப்பே இல்லாவிட்டால்தான். அப்படிப் பிணைந்த நூன் நிலையில் ஒரே ஒரு ஃபோட்டான் தொலைந்தாலும் கட்டத் தகவல் முழுவதும் போய்விடும்.

பழையலேசர்: ஈர்ப்பலைக் கருவிகளைப் பாருங்கள். GEO600 2010 முதலும் LIGO 2019இல் தொடங்கிய ஓட்டத்திலும் ஸ்குவீஸ்டு ஒளியைத்தான் பயன்படுத்தின.

விசும்பு: அங்கே ஏற்கெனவே ஏராளமான ஒளி இருக்கிறது. நான் பார்ப்பது அதிக ஒளி பட்டால் சிதைந்துவிடும் உயிரணுக்களை. அங்கே ஒவ்வொரு ஃபோட்டானிடமும் அதிகத் தகவல் வாங்கியாக வேண்டும்.

ஊதா: அதற்கும் ஸ்குவீஸ்டு ஒளி போதும்.

விசும்பு: எல்லா இடத்திலும் போதாது. பார்க்கும் மாதிரிப்பொருள் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று தெரியாமல் இதை முடிவு செய்ய முடியாது.

ஒளிக்கீற்று: மோடு பொருத்தும் லென்ஸ்களை நகர்த்தினோம். தெளிவு 96%, இப்போது 5.4 டெசிபெல். பம்ப் சோதனை நாளை. நன்றி.