முதலாளிக்கு அனுப்பும் நிலவரச் செய்தி: இது மஞ்சளா, சிவப்பா?

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஸ்டாக் சாப்ட்வேர் போடுகிறோம். வெள்ளிதோறும் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் நிலவரம் அனுப்ப வேண்டும். டெக்னிக்கல் பேச்சு அவருக்கு ஆகாது. நிறத்தைப் பார்ப்பார், கீழே நாலு வரி படிப்பார், அவ்வளவுதான்.

தேதி தப்பாது என்றால் பச்சை, தள்ளினாலும் நாங்களே சமாளித்துவிடுவோம் என்றால் மஞ்சள், அவர் தலையிடாமல் நகராது என்றால் சிவப்பு என்று வைத்திருக்கிறேன். இந்த வாரம் எழுதியது:

"மஞ்சள். போன வாரம் பச்சை. குடோன் ஸ்டாக் முழுவதும் ஏற்றியாச்சு. சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி எடையும் திரும்பி வந்த எடையும், வழக்கமான கழிவு போகவும் ஒத்துவரவில்லை. சாப்ட்வேர் தொடக்கம் ஒரு வாரம் தள்ளிப்போகலாம். டெலிவரி சீட்டுகளைச் சரிபார்க்க உங்கள் கணக்குப்பிள்ளையைப் புதனுக்குள் அனுப்புங்கள்."

அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. ஆளை அவர்தான் அனுப்ப வேண்டும் என்றால், என் கணக்குப்படி இது சிவப்புதானே? டீமிலோ, பதறிவிடுவார், பச்சையே போடு என்கிறார்கள். அதற்கு நான் ஒப்பவில்லை. கடைசி வாரத்தில் திடீரென்று சிவப்பானால் அப்புறம் எந்த நிறத்தையும் அவர் நம்ப மாட்டார்.

"புதன் தாண்டினால் சிவப்பு" என்று மஞ்சளிலேயே எழுதிவிடலாமா? நீங்கள் எப்படிப் போடுகிறீர்கள்? அனுப்பிய செய்தி ஏதாவது இருந்தால், பெயரை எடுத்துவிட்டுப் போடுங்க.