ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொன்னபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பலகைக்கடை, மதுரை

கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்து தருவது என் தொழில். பெயர் மாற்ற வருகிறவர்களுக்கு, அவர்கள் கடையின் புகைப்படத்திலேயே புதுப் பெயரைப் போட்டுக் காட்டினால் பேச்சு சுலபமாக முடிந்துவிடும். அதற்குப் படம் உருவாக்கும் ஏஐ கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

அண்மையில் ஒரு தையல் கடை வந்தது. பலகையில் ஆங்கிலத்தில் ‘ரோஸ் டெய்லர்ஸ்’ என்று சிவப்புப் பெயிண்டில், கையால் எழுதிய எழுத்து. புதிய உரிமையாளருக்கு ‘பேர்ல் டெய்லர்ஸ்’ என்று வேண்டும். வேறு எதுவும் மாறக்கூடாது. முதலில் கொடுத்த கட்டளை இதுதான்:

```
Change Rose to Pearl in this photo.
```

எழுத்து அழகாகவே மாறியது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மையின் கழுத்தில் ஒரு முத்துமாலை வந்துவிட்டது! பலகையின் சிவப்பு விளிம்பு வெளிர் வெள்ளையாகிவிட்டது. உரிமையாளர் அதைக் கவனித்து, மாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது என் கடை இல்லையே என்றார். அவர் சொன்னது நியாயம்.

கட்டளையில் ‘பேர்ல்’ என்பது ஐந்து எழுத்துகளாக அல்ல, முத்து என்ற பொருளாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்தது. ஆகவே பொருளைப் பற்றிப் பேசாமல், பலகையில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி மட்டும் பேசினேன்:

```
On the signboard, replace the lettering "ROSE" with the lettering "PEARL".
Same red brush-painted capitals, same height, fitted into the same space.
"TAILORS" stays where it is. Keep everything else identical.
```

மாலை போனது, விளிம்பு சிவப்பாகவே நின்றது. மேற்கோள்குறியும், பலகையில் உள்ளபடியே பெரிய எழுத்துகளில் எழுதியதும் பெரிய வேலை செய்தன என்பது என் கணிப்பு. நான்கு எழுத்து இருந்த இடத்தில் ஐந்து வருவதால், ‘அதே இடத்துக்குள்’ என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த சொல் வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பலகையின் அடியில் சிறியதாக இருக்கும் தொலைபேசி எண்ணில் ஒரு 8, பார்ப்பதற்கு 3 போல வருகிறது. கட்டளையில் எதைச் சேர்த்தால் இது நிற்கும்?

செல்வி_க

எனக்கும் இதே தொல்லை உண்டு அண்ணா. கட்டளையில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றுகிறேன், படமே வேறாகிவிடுகிறது. குழந்தைகளுக்கான கதைப்படம் வரைகிறேன். ‘மாமரத்தடியில் சிவப்புப் பாவாடை அணிந்த சிறுமி’ என்று எழுதி ஒரு படம் எடுத்தேன். சிவப்பை நீலமாக்கியதும் சிறுமியின் முகம், மரம், நிழல் எல்லாமே வேறு. விதை எண்ணை மாற்றாமல் வைத்தும் பார்த்தேன். ஓரளவு ஒத்துவருகிறது, ஆனால் அதே சிறுமி இல்லை.

முன்அச்சு

செல்வி அம்மா, நீங்கள் சொல்வது வேறு சங்கதி. அவர் கேட்பது படத்துக்குள் எழுதியிருக்கும் சொல்லைப் பற்றி. உங்களுடையது கட்டளையில் உள்ள சொல். விதை எண் தொடக்கப் புள்ளியை மட்டுமே ஒன்றாக வைக்கும். அங்கிருந்து படம் உருவாகும் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டளை முழுவதும் செல்வாக்குச் செலுத்துகிறது, அதனால் ஒரு சொல் மாறினாலும் பாதை விலகிவிடும். 2022-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ‘பிராம்ப்ட் டு பிராம்ப்ட்’ என்ற முறையில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். எந்தச் சொல் படத்தின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்ற கணக்கைப் பழைய படத்திலிருந்து அப்படியே எடுத்துப் புதிய படத்துக்குக் கொடுப்பது. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிடித்த படத்தையே உள்ளே கொடுத்து, ‘பாவாடையின் நிறத்தை மட்டும் நீலமாக்கு’ என்று திருத்தச் சொல்லுங்கள்.

பலகைக்கடை சார், எண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். கட்டளையில் எதைச் சேர்த்தாலும் அது முழுமையாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாம் ‘திருத்தம்’ என்கிறோம். பெரும்பாலான கருவிகள் செய்வது படம் முழுவதையும் மறுபடி வரைவது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகைக் கருவிகள் படத்தை முதலில் நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருக்கிய ஒரு வடிவுக்கு மாற்றி, வேலை முடிந்ததும் விரித்துத் தருகின்றன. பலகையின் பெரிய எழுத்து அந்தப் பயணத்தைத் தாங்கும். பத்துப் பிக்சல் உயரமுள்ள ஓர் இலக்கத்துக்கு அங்கே ஒரு கட்டத்துக்குச் சற்று அதிகமான இடம்தான் கிடைக்கும். 8-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு அதற்குள் அழிந்துபோவதில் வியப்பில்லை. அதே காரணத்தால், திருத்திய படத்தையே மறுபடி மறுபடி திருத்தக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு சேரும். எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.

இரவுப்பறவை

இவ்வளவு சிரமம் எதற்கு? மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தேர்வுக்கு வெளியே கருவி கை வைக்காது. நான் அப்படித்தான் செய்கிறேன், எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை.

முன்அச்சு

பாதி சரி. சில கருவிகள் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் வரைந்து மூலப் படத்தின்மேல் ஒட்டித் தருகின்றன. அவற்றில் நீங்கள் சொல்வது உண்மை. எல்லாக் கருவியும் அப்படி இல்லை. ஓப்பன்ஏஐ தன் ‘ஜிபிடி இமேஜ்’ மாதிரிக்கான ஆவணத்தில், நாம் கொடுக்கும் தேர்வு ஒரு வழிகாட்டி மட்டுமே, அதன் எல்லை அப்படியே பின்பற்றப்படாமல் போகலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் கருவி எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ மூலப் படத்தைக் கீழ் அடுக்காகவும் திருத்திய படத்தை மேல் அடுக்காகவும் வையுங்கள். வந்த படத்தின் அளவு மாறியிருந்தால் முதலில் மூலத்தின் அளவுக்குச் சரிசெய்து, ஒரு மூலையைப் பெரிதாக்கி இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு மேல் அடுக்கின் கலப்பு முறையை ‘டிஃபரன்ஸ்’ ஆக்குங்கள். இரண்டும் ஒன்றாக உள்ள இடம் கறுப்பாகும், மாறிய இடம் ஒளிரும். சொல் இருக்கும் இடம் மட்டும் ஒளிர்ந்தால் நல்லது. ஆனால் மெல்லிய மாற்றம் கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். போட்டோஷாப்பில் மேலே ஒரு ‘லெவல்ஸ்’ அடுக்கைப் போட்டு, கிம்ப்பில் தெரிவதையே ஒரு புது அடுக்காக்கி அதில் ‘லெவல்ஸ்’ திறந்து, வெள்ளை முனையை நன்றாக இடப்பக்கம் இழுங்கள். தையல் கடைப் படத்தில் அப்படிச் செய்தால் தொலைபேசி எண் முழுவதும், அநேகமாகச் சுவரும்கூட, புள்ளி புள்ளியாக எழுந்து வரும்.

அதன்பின் அந்த லெவல்ஸ் அடுக்கையும் டிஃபரன்ஸையும் நீக்கிவிட்டு, திருத்திய படத்தின் அடுக்கை முழுவதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, புதிய சொல்லின்மேல் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தீட்டுங்கள். புதுச் சொல் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் உண்மையாகவே மூலப் படம். உங்கள் எண்ணில் உள்ள 8, 8-ஆகவே இருக்கும்.

பலகைக்கடை, மதுரை

செய்து பார்த்தேன் சார். எண் சரியாக நின்றது, மிக்க நன்றி. ஆனால் சொல்லைச் சுற்றி வெள்ளைப் பின்னணியில் மெல்லிய மஞ்சள் திட்டு தெரிகிறது.

முன்அச்சு

கருவி படம் முழுவதன் நிறத்தையும் சற்று நகர்த்தியிருக்கிறது. திட்டின் ஓரம் வெட்டவெளியில் முடியாதபடி மாஸ்க்கைப் பலகையின் சட்டம் வரைக்கும் பெரிதாக்குங்கள். இணைப்பு சட்டத்தின் கோட்டில் மறைந்துவிடும். சட்டம் இல்லாத பலகையானால், மேல் அடுக்கின் நிறத்தை ‘கர்வ்ஸ்’ கொண்டு மூலத்துக்கு ஏற்ப இழுத்துவிட்டுத் தூரிகை ஓரத்தை மென்மையாக வைக்க வேண்டும்.

தஞ்சை பேனர்

நீங்கள் எல்லோரும் ஆங்கில எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வருவதெல்லாம் தமிழ். ஒரு கோயில் திருவிழாப் பேனரில் ‘சனிக்கிழமை’ என்பதை ‘ஞாயிற்றுக்கிழமை’ ஆக்க வேண்டியிருந்தது. கடைக்கு வந்தவரிடம் மூல வடிவமைப்புக் கோப்பு கிடையாது, கைப்பேசியில் வந்த படம் மட்டுமே. மேற்கோள்குறி, ‘அதே இடம்’, ‘அதே எழுத்து’ எல்லாம் எழுதினேன். ‘ற்று’ ஒரு முறையும் ஒழுங்காக வரவில்லை. புள்ளி காணாமல் போகும், அல்லது ‘று’ வேறு ஏதோ உருவமாக நெளியும். தூரத்திலிருந்து தமிழ்போல் இருக்கும், கிட்டே போனால் எழுத்தே இல்லை. சாமி பேனரில் அப்படிப் போட எனக்கு மனம் வராது.

இப்போது கருவியிடம் எழுதச் சொல்வதையே விட்டுவிட்டேன். அழிக்க மட்டும் சொல்கிறேன்:

```
Remove only the last word in the second line of text.
Fill that spot with the same plain maroon background.
Do not move or redraw any other text.
```

மெரூன் வெறுமையாகக் கிடைத்ததும், எழுத்தை நானே தட்டச்சு செய்து மேலே வைத்துவிடுகிறேன். ‘சனிக்கிழமை’ என்று பெயர் சொல்லாமல் ‘இரண்டாவது வரியின் கடைசிச் சொல்’ என்று இடத்தைக் காட்டியதற்குக் காரணம் உண்டு. அந்தப் பேனரில் சனிக்கிழமை இரண்டு இடத்தில் இருந்தது. பெயர் சொன்னால் இரண்டையும் எடுத்துவிடுகிறது.

இரவுப்பறவை

தமிழுக்கு இது நல்ல வழி அண்ணே. ஆனால் கையால் எழுதிய பலகையில் தட்டச்சு எழுத்து ஒட்டுமா?

தஞ்சை பேனர்

ஒட்டாது. அங்கே நான் அதே பலகையில் உள்ள மற்றச் சொற்களிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்துச் சேர்க்கிறேன். வேண்டிய எழுத்து பலகையில் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

செல்வி_க

பாவாடை நீலமாகிவிட்டது, முகம் அதேதான். நன்றி சார். ஒரு கேள்வி. ‘தொலைபேசி எண்ணை மாற்றாதே’ என்று தனியாக எழுதுவது நல்லதா? நான் ‘கொலுசை மாற்றாதே’ என்று எழுதியபோது கொலுசு முன்பைவிடப் பெரிதாக வந்தது.

பலகைக்கடை, மதுரை

எனக்கு நேர்மாறான அனுபவம் அம்மா. எண்ணின் பத்து இலக்கங்களையும் மேற்கோள்குறிக்குள் எழுதி, அது அப்படியே இருக்கட்டும் என்றபோது இலக்கங்கள் சரியாக வந்தன. எழுத்தின் உருவம் மட்டும் சற்றுத் தடித்தது.

முன்அச்சு

இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். காக்க வேண்டியதைப் பெயர் சொல்லி எழுதுவது அதைக் காக்கிறதா, அதன் பக்கம் கருவியின் கவனத்தைத் திருப்புகிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படத்துக்குப் படம் மாறுகிறது. எப்படியும் ஒட்டப்போவது புதிய சொல் மட்டும்தான் என்பதால், நான் கட்டளையை அந்தச் சொல்லின் வடிவத்துக்காகவே செலவிடுகிறேன். தூரிகை எந்தப் பக்கம் தடிக்கிறது, பெயிண்ட் எங்கே உதிர்ந்திருக்கிறது, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதையெல்லாம் எழுதுவேன். கொலுசைப் பெயர் சொல்லியும் சொல்லாமலும் ஒரே படத்தில் முயன்று, இரண்டையும் டிஃபரன்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள் அம்மா.