மைனஸ் 7 பவர், ஸ்மார்ட் கிளாஸ்: எந்தக் கடையில் லென்ஸ் போடலாம்?

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 7. ரே-பேன் மெட்டாவுக்கு கம்பெனி லென்ஸ் மைனஸ் 6 வரைதான். அதனால் ஃப்ரேமை மட்டும் வாங்கி, வெளியே 1.74 இன்டெக்ஸ் மெல்லிய லென்ஸ் போடலாம் என்று யோசனை.

இடிப்பது ஓர் இடத்தில்தான். ஃப்ரேம் அளவு 50-22: லென்ஸ் அகலம் 50, மூக்குப் பாலம் 22; கூட்டினால் இரு லென்ஸ் மையங்களுக்கும் நடுவே 72 மி.மீ. என் கண்மணிகளுக்கு நடுவே 60 மி.மீ. ஒவ்வொரு லென்ஸின் மையமும் 6 மி.மீ. மூக்குப் பக்கம் நகர வேண்டும். காதோர விளிம்பு தடிக்கும். மடிக்கும்போது காதுக் கம்பியில் அது முட்டுமா? கம்பிக்குள் பேட்டரி, ஸ்பீக்கர் இருப்பதால் சூடேற்றி வளைக்கவும் வழியில்லை.

பெரம்பூர், வண்ணாரப்பேட்டை பக்கம் ஃப்ரேமைச் சூடாக்காமல் லென்ஸ் மாட்டத் தெரிந்த கடை இருக்கிறதா? வாரன்டி போனால் போகட்டும், கேமரா பிழைத்தால் போதும். இந்தப் பவரில் போட்டவர்கள் விளிம்பு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ போடுங்களேன்.